இருப்பும் ஏடும்: தேங்காய்ப்பட்டணக் கரையில் ஒரு நிவாரணக் களஞ்சியம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி காலையில், முதல்நாள் வரை வெறும் தாழ்வு மண்டலமாக இருந்த ஒரு காற்றுச் சுழற்சி, ஒக்கி என்னும் புயலாக வலுத்துக் குமரிக் கரையை உரசிச் சென்றபோது, கரையில் இருந்த ஜனங்களுக்கு ஆயத்தம் செய்துகொள்ள ஒரு பகற்பொழுதுகூட வாய்க்கவில்லை. பல நாள் தங்கிப் பிடிக்கும் தொழிலுக்காக ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கோ எச்சரிக்கையே எட்டவில்லை. கடலில் நேர்ந்த பெருந்துயரத்தை நாடறியும். கரையில் நேர்ந்ததோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, சாலைகளுக்குக் குறுக்கே மரங்கள் கிடக்க, மின்சாரம் இன்மையால் குடிநீர் ஏற்றும் மோட்டார்களும் ஓய்ந்துபோக, பட்டினத்துக் கிடங்குகளில் அரிசி இருந்தும் அது கடற்கரை ஊர்களுக்கு வந்துசேர வழியில்லாத ஒரு சிறு இடைவெளி உண்டாயிற்று.

பேரிடர் நிவாரணம் என்னும் பெரிய விஷயத்தில் இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியை மட்டுமே. வெளியுதவி வரும்வரை, ஏறக்குறைய 3 நாட்களுக்கு, ஊருக்குள்ளேயே முன்கூட்டிச் சேர்த்து வைக்கப்படும் பொருள்கள் எவையாக இருக்கவேண்டும், அவை கெடாமல் எவ்விதம் சுழலவேண்டும், வீடுவீடாக வழங்கியதை எவ்விதம் எழுதவேண்டும் என்னும் மூன்று கேள்விகளையும், குழித்துறையாறு என்று ஊரார் சொல்லும் மேற்குத் தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவார ஊராகிய தேங்காய்ப்பட்டணத்தை முன்னிறுத்தி ஆராய்வோம்.

பழைய வழக்கம்

இந்த எண்ணம் புதியதன்று. கோரக்பூர் மாவட்டத்துச் சோகௌராவில் கிடைத்த செப்பேடும், இன்றைய வங்காளதேசத்து மகாஸ்தானில் கிடைத்த கல்வெட்டும், மௌரியர் காலத்தை ஒட்டியவை என்று ஆராய்ச்சியாளர் பலரும் கொள்பவை. ஆபத்துக் காலத்துக்கென்று தனியே வைக்கப்பட்ட களஞ்சியங்களை இரண்டுமே பேசுகின்றன. அவற்றுள் மகாஸ்தான் கல்வெட்டு, கொடுத்ததோடு நில்லாமல், நல்ல காலம் திரும்பியபின் களஞ்சியம் மறுபடி நிரப்பப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே விதிக்கிறது. எடுப்பதும் நிரப்புவதும் ஒரே ஆணையின் இரு பாகங்கள் என்று அக்காலத்து நிர்வாகி கண்டிருந்தான். நாஞ்சில் நாட்டு வீடுகளில் இருந்த பத்தாயமும் அவ்விதமே இயங்கியது. புது நெல் வருமுன் பழைய நெல்லைக் குத்தித் தீர்த்துவிடுவது அந்த வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாத கிரமம்.

நம் காலத்திலோ, சேர்ப்பதற்குக் காட்டும் ஊக்கம் சுழற்றுவதில் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்தபோது இம்மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்கள் பெருஞ்சேதம் அடைந்தன. அதன்பின் வந்த உதவி வெள்ளம்போல் வந்தது. தமிழகக் கரையின் பல இடங்களில், யாரும் கேளாத பழைய துணிகள் சாலையோரம் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கியதை அன்றைய பத்திரிகைகள் படமெடுத்து வெளியிட்டன. இதே காலத்தில் ஒடிசாவின் அனுபவம் வேறு திசையில் சென்றது. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 உயிர்களை இழந்த அம்மாநிலம், கரையோரமெங்கும் பாதுகாப்பு மையங்களைக் கட்டி, அவற்றை ஊர்க்குழுக்களின் பொறுப்பில் விட்டது. 2013ஆம் ஆண்டு பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்னதாகவே அகற்றப்பட்டு, உயிரிழப்பு மிகச் சிலராகக் குறைந்தது.

எதை வைப்பது, எவ்வளவு வைப்பது

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, நிவாரண முகாமில் கிடைக்கவேண்டிய குறைந்தபட்ச அளவுகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்திருக்கிறது. அதன்படி வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி உணவும், 3 லிட்டர் குடிநீரும் வேண்டும். இதை ஓர் ஊர்க் களஞ்சியத்தின் மொழியில் பெயர்த்துப் பார்த்தால்தான் காரியம் பிடிபடும். கணக்குக்காகக் கடலை ஒட்டிய ஒரு பகுதியில் 120 குடும்பங்கள், 480 பேர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி 500 கிராம், பருப்பு 80 கிராம், எண்ணெய் 30 கிராம், சர்க்கரை 25 கிராம் என்று கொண்டால், அது ஏறக்குறைய 2,400 கலோரி ஆகும். 3 நாட்களுக்கு 720 கிலோ அரிசியும், 115 கிலோ பருப்பும், 43 கிலோ எண்ணெயும், 36 கிலோ சர்க்கரையும் வேண்டும். அரிசி மட்டும் 50 கிலோ மூட்டைகளில் 15. ஒரு வகுப்பறையின் மூலைக்குள் அடங்கிவிடும் சரக்கு இது; மலைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

மலைக்கவேண்டியது தண்ணீரில்தான். 480 பேருக்கு 3 நாள் குடிநீர் என்பது 4,320 லிட்டர். 20 லிட்டர்க் கேன்களில் 216. அதை அடுக்கி வைக்க இடமும் இல்லை, மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கவும் தகாது. ஆகையால் அறிந்தவர்கள் தண்ணீரை வைப்பதில்லை. மூடியுள்ள குடங்களையும் கேன்களையும், கிருமி நீக்கும் பிளீச்சிங் பவுடரையும் வைக்கிறார்கள். 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல தரமான பவுடர் 2.5 கிராம் அளவில் போதுமென்பது பொதுச் சுகாதார நூல்கள் கூறும் உத்தேசக் கணக்கு. அப்படியானால் மேற்சொன்ன 4,320 லிட்டருக்கும் சேர்த்து 11 கிராம். ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவு. களஞ்சியத்திலேயே எடையில் மிகச் சிறியதும், உயிரைக் காப்பதில் மிகப் பெரியதும் இதுதான்.

ஆனால் இங்கே முகத்துவார ஊருக்கே உரிய ஓர் எல்லை உண்டு. கடல் ஏறி வந்து கிணற்றில் உப்பு கலந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பை நீக்காது. ஆகவே உள்நாட்டுப் பக்கத்தில், மின்சாரம் போனாலும் வாளியால் மொள்ளக்கூடிய நல்ல கிணறு எது, அதன் உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா என்பதைக் களஞ்சிய ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது, நூறு கேன்கள் வாங்குவதைக் காட்டிலும் பயனுடையது.

அரிசியிலும் ஸ்தலத்தின் சுவை கவனிக்கத்தக்கது. சிவப்புப் புழுங்கலரிசிச் சோறும் மரச்சீனியும் உண்டு பழகிய ஊரில் பச்சரிசியைக் கொண்டுவந்து கொட்டினால், பசியில் தின்பார்கள் என்றாலும் மீந்தது மாட்டுக்குப் போகும். தவிரவும், புழுங்கலரிசி பச்சரிசியைவிடப் பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கும். கைக்குழந்தைகளுக்கென்று பால்பவுடரைச் சேமித்து எல்லோருக்கும் வழங்குவது பார்வைக்குக் கருணையாகத் தோன்றினும், அசுத்தமான தண்ணீரில் அதைக் கரைக்கும்போது வயிற்றுப்போக்குக்கு வழியாகிறது. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு உணவு கூட்டித் தருவதும், தாயில்லாக் குழந்தைக்கு மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும் அதைத் தருவதுமே முறை.

பழையதை வெளியேற்றுதல்

களஞ்சியம் கெடுவது பெரும்பாலும் திருட்டினாலன்று, அடுக்கும் முறையினால். புதிதாக வந்த மூட்டையைத் தூக்குபவர் வாசலுக்கு அருகே முன்வரிசையில் இறக்குகிறார். அவசரத்தில் எடுப்பவரும் முன்வரிசையிலிருந்தே எடுக்கிறார். இவ்விதம் பின்சுவரோரத்து அடிமூட்டை ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்து, ஒருநாள் பிரிக்கும்போது அரிசிக்குப் பதிலாகத் தூளும் வண்டுமாக வந்து விழுகிறது. இதற்குப் பரிகாரம் எளிது. மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, தரையில் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்கி, இரு பக்கமும் ஆள் நடக்க வழி விட்டு, இடப்பக்கம் நிரப்புவது, வலப்பக்கம் எடுப்பது என்று வழக்கப்படுத்தவேண்டும். வந்த மாதத்தையும் ஆண்டையும் ஒவ்வொரு சாக்கிலும், தூரத்திலிருந்தே தெரியும்படி, கைப்பரப்பளவு எழுத்தில் எழுதவேண்டும்.

முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது அரிசிக்குப் பொருந்தும் விதி. மருந்துக்கும், உப்பும் சர்க்கரையும் கலந்த வயிற்றுப்போக்குக் கரைசல் பொட்டலங்களுக்கும், பிஸ்கட்டுக்கும் அது பொருந்தாது. நேற்று வாங்கிய பெட்டியின் காலாவதித் தேதி போன ஆண்டு வாங்கியதைவிட முந்தியதாக இருக்கக்கூடுமாகையால், அங்கே முதலில் காலாவதியாவதே முதலில் போகவேண்டும். டார்ச் விளக்குக்குள் பேட்டரியைப் போட்டே வைத்தால் அது கசிந்து விளக்கையும் தின்றுவிடும். தனித்தனியே வைப்பதே நலம்.

அரிசி கெடுவதை முன்னதாக அறியவும் வழியுண்டு. மூட்டையின் நடுவில் குத்தூசியைச் செலுத்தி எடுத்த அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பினால், உயிருள்ள வண்டும் பட்டுநூல்போன்ற பூச்சிவலையும் தெரியும். சாக்கின் அடியில் வெண்தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே விட்ட கைக்கு வெதுவெதுப்புத் தட்டினால் காலம் கடந்துவிட்டது. அப்போது செய்யத்தகாதது, பூச்சி கொல்லும் மாத்திரை வாங்கி வந்து அறையில் வைப்பது. அதிலிருந்து வெளிப்படும் பாஸ்பீன் வாயு, அடைமழை இரவில் அதே கட்டடத்தில் வந்து படுக்கும் மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவரும், ஜனங்கள் இல்லாத கிடங்கும் இருந்தாலொழிய அதைத் தொடலாகாது.

பிளீச்சிங் பவுடரின் கதை இன்னும் நுட்பமானது. புதிதாக இருக்கும்போது அதில் ஏறக்குறைய 33 சதவீதம் வரை பயன்படும் குளோரின் உண்டு. கடற்காற்றின் ஈரமும் வெப்பமும் பட்டு, பொட்டலம் திறந்து கிடந்தால், மாதந்தோறும் அது குறைந்துகொண்டே வரும். தோற்றம் மாறாது, வாடையும் ஓரளவு இருக்கும், வலிமை மட்டும் போயிருக்கும். கட்டி கட்டியாக உறைந்திருந்தால் சந்தேகிக்கவேண்டும். நிச்சயமாக அறியவேண்டுமானால், ஒரு குடம் தண்ணீரில் அளவாகக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் பார்த்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்டுகிறதா என்று பரிசோதிக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தார் இதை எளிதில் செய்து காட்டுவர். இந்தப் பவுடரை அரிசி இருக்கும் அறையிலோ இரும்புத் தகரங்களுக்கு அருகிலோ வைக்காமலிருப்பது இன்னொரு அவசியம்.

வெளியேற்றிய அரிசி எங்கே போகும் என்பதே சுழற்சியின் உயிர்நிலை. எறிவதற்காகச் சுழற்ற எந்த ஊருக்கும் வசதியில்லை. 100 குழந்தைகள் உண்ணும் ஒரு சத்துணவுக் கூடத்தில் தலைக்கு 100 கிராம் வீதம் நாளுக்கு 10 கிலோ அரிசி வேகிறது. அதாவது ஒரு மூட்டை 5 பள்ளி நாட்களில் தீரும். நம்முடைய 15 மூட்டைகளும் 75 பள்ளி நாட்களில் தீர்ந்து புதிதாகிவிடும். அதே அளவு புதிய மூட்டை களஞ்சியத்துக்குள் வந்தபின்னரே பழைய மூட்டை கூடத்துக்குப் போகவேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். இருப்பு ஒருநாளும் குறையாது, ஒரு மணியும் வீணாகாது. இதற்குத் தடையாக நிற்பது சரக்கின் தன்மையன்று, கணக்கின் தன்மை. சத்துணவு அரிசி ஒரு துறையின் கணக்கில், நிவாரண அரிசி இன்னொரு துறையின் கணக்கில் இருப்பதால், மூட்டைக்கு மூட்டை மாற்றுவதற்கும் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். அது இல்லாத இடத்தில், தணிக்கைக்கு அஞ்சும் பொறுப்பாளர், கெட்டாலும் இருப்பில் இருக்கட்டும் என்று பூட்டிவைத்துவிடுகிறார். கெட்ட அரிசிக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. இல்லாத அரிசிக்கே கேட்கிறார்கள். ஆகையால் களஞ்சியம் தொடங்குமுன் பெறவேண்டிய முதற் காகிதம் இந்த மாற்று அனுமதியே.

சுழற்சிக்கு ஒரு நாட்காட்டி வேண்டும். தமிழகத்தின் கீழைக்கரைக்கு ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பார்த்தால் போதும். தேங்காய்ப்பட்டணத்துக்கு அது போதாது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறி இனயம், தூத்தூர்க் கரைகளை அரிக்கிறது. காற்றே இல்லாத நாளிலும், தொலைதூரச் சமுத்திரத்தில் பிறந்த அலை கள்ளக்கடலாக வந்து வீட்டுக்குள் ஏறுகிறது. ஐப்பசி கார்த்திகையில் புயல் வருகிறது. எனவே மே மாதத்தில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் முழு இருப்பையும் கீழே இறக்கி எண்ணுவது இக்கரைக்குரிய கிரமம்.

ஏடு

இனி எழுதும் விஷயம். குடும்பம் என்பதற்கு ரேஷன் அட்டையையே அளவாகக் கொள்வது வழக்கம். 2017ஆம் ஆண்டு முதல் அது ஸ்மார்ட் கார்டாகிவிட்டதால் கணக்கும் எளிதென்று தோன்றும். இரண்டு இடர்கள் உண்டு. அட்டையை வாசிக்கும் கருவிக்கு மின்சாரமும் வலைத்தொடர்பும் வேண்டும். ஒக்கியின்போது முதலில் போனவை அவைதாம். மேலும், அட்டை காட்டும் குடும்பமும் அடுப்பு காட்டும் குடும்பமும் ஒன்றல்ல. ஐந்து பெயருள்ள அட்டையில் இருவர் வளைகுடா நாட்டில் இருப்பர். ஒரே அட்டையில் மணமான இரண்டு மக்கள் தனித்தனியே உலை வைப்பர். துறைமுகத்தில் படகு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்துத் தொழிலாளிக்கு இவ்வூரில் அட்டையே இராது. ஆகவே ஏட்டின் அலகு அடுப்பாகவும், அட்டை எண் அதற்கு ஓர் அடையாளமாகவும் இருப்பதே பொருந்தும்.

இப்படியொரு பட்டியலைப் புதிதாக எழுதவேண்டியதில்லை. கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளில் குடும்ப ஏடும், சுமார் 30 வீடுகளைக் கொண்ட அன்பியங்களும் உண்டு. மாலிக் தீனார் பெயரோடு நினைக்கப்படும் பழம்பள்ளிவாசல் உள்ள இவ்வூரில் ஜமாஅத்தின் குடும்பப் பதிவும் உண்டு. இரண்டையும் ரேஷன் கடைப் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், மூன்றிலும் இருப்பவர் எளிதில் நீங்கிப்போவர். ஒன்றில் மட்டும் இருப்பவரும், எதிலும் இல்லாத வாடகைக்காரரும் தொழிலாளரும்தான் நேரில் போய்ப் பார்க்கவேண்டியவர்கள். விடுபடுவோர் எப்போதும் இவர்களே.

ஏட்டின் பக்கத்தில் வீட்டுப்பெயர், பொருள் வாங்கும் பெண்ணின் பெயர், அட்டை எண், ஆட்களின் தொகை, கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையிலிருப்பவர், வழங்கிய அளவு, கையொப்பம், குறிப்பு என்னும் பத்திகள் போதும். கடலுக்குப் போன ஆண்களின் பெயரிலேயே எல்லாம் எழுதிவைத்தால், அவர்கள் திரும்பாத நாளில்தான் ஏடு தேவைப்படும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே பொட்டலமாகக் கொடுப்பது விரைவானதுதான். ஆயினும் நால்வருக்கு 3 நாளைக்குக் கணித்த 6 கிலோ, எட்டுப்பேர் வீட்டில் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும்.

மேலே கண்ட உதாரணத்தையே வழங்கும் நாளுக்குக் கொண்டுவருவோம். இருப்பு 15 மூட்டை, 750 கிலோ. பட்டியலில் உள்ள 120 குடும்பங்களில் 9 குடும்பங்கள் வரவில்லை. குறிப்புப் பத்தியில் ‘கருங்கல்லில் உறவினர் வீடு’ என்பதுபோலக் காரணம் எழுதப்படுகிறது. பட்டியலில் இல்லாத 6 குடும்பங்கள் வந்து, விசாரித்துச் சேர்க்கப்படுகின்றன. ஆக 117 குடும்பங்கள், 468 பேர். தலைக்கு ஒன்றரைக் கிலோ வீதம் 702 கிலோ வழங்கப்பட்டது. மீதி 48 கிலோ இருக்கவேண்டும். நிறுத்துப் பார்த்தால் 41 கிலோ. 7 கிலோ குறைவு எங்கே போயிற்று? தராசு போதாமல் நாழியால் அளந்தபோது வீட்டுக்கு 60 கிராம் கூடுதலாக விழுந்திருந்தால் 117 வீட்டுக்கு 7 கிலோ ஆகிவிடும். இதை அப்படியே எழுதிக் கையொப்பமிடுவது நேர்மையான ஏடு. குறைவு 41 கிலோவாக இருந்திருந்தால் கதை வேறு. ஒரு மூட்டைக்கு அண்மையில் வரும் குறைவு அளவையின் பிழையாக இராது.

பொய்யான ஏட்டையும் கண்டறிய முடியும். 117 வரிகளும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் எழுதப்பட்டிருந்தால் அது வழங்குமிடத்தில் எழுதிய ஏடன்று. பிறகு அமர்ந்து எழுதியது. குறிப்புப் பத்தி முழுதும் வெறுமையாக இருந்தாலும், கணக்கு ஒரு கிராம்கூடப் பிசகாமல் நேராக வந்தாலும் ஐயுறவேண்டும். மழையில், இருட்டில், கூட்டத்துக்கு நடுவே நடக்கும் விநியோகத்தில் அத்தகைய பூரணத்துவம் இயற்கையன்று. ஏட்டைக் கார்பன் தாள் வைத்து இரு படியாக எழுதி, ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, வீட்டுப்பெயரையும் அளவையும் மட்டும் ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தால், இருமுறை வாங்கியவரும் விடுபட்டவரும் அங்கேயே வெளிப்படுவர். நோயும் கர்ப்பமும் குறித்த பத்திகளை வாசிக்கக்கூடாது. அவை ஊர் அறியவேண்டிய செய்திகள் அல்ல.

முடிவு

இவ்வளவையும் சேர்த்து நோக்கும்போது தெளிவது ஒன்றுண்டு. ஏடும் ஒரு சரக்கே. அதற்கும் காலாவதி உண்டு. ஓராண்டில் இவ்வூரில் எத்தனை பிறப்பு, இறப்பு, மணம், வளைகுடாப் பயணம்! மே மாதத்தில் மூட்டைகளை இறக்கி எண்ணுகிறவர்கள் அதே நாளில் பட்டியலையும் பிரித்துத் திருத்தாவிட்டால், நல்ல அரிசியைப் பழைய ஊருக்கு வழங்க ஆயத்தமாகிறார்கள் என்றே கொள்ளவேண்டும். ஒரு நிவாரணக் களஞ்சியத்தைப் பார்வையிட வருகிற அதிகாரியோ, பங்குப் பேரவை உறுப்பினரோ, ஜமாஅத் நிர்வாகியோ, ‘எத்தனை மூட்டை இருக்கிறது?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, இருப்பதில் மிகப் பழைய மூட்டையின் தேதியையும், பட்டியலில் கடைசியாகச் செய்த திருத்தத்தின் தேதியையும் காட்டும்படி கேட்கட்டும். அவ்விரு தேதிகளுக்குள் எதுவேனும் ஆறு மாதத்துக்கு முற்பட்டதாயின், அந்தக் களஞ்சியத்தை இல்லாததாகவே கணக்கில் கொள்வது உத்தமம்.